வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வைவா

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும்.

தேனியில், பெரியகுளம் ரோட்டில், ஒரு மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம். இரண்டு அறை, ஒரு நடை, நடையில் ஒரு நீள பெஞ்சு. கண்காணிப்பாளர் ஒருவர், தற்காலிக உதவியாளராக நான், டீ வாங்கிவரவும் கதவு திறக்கவும் ஒரு பியூன். அவ்வளவுதான் அலுவலகம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தேவதானப்பட்டியிலிருந்து காலை எட்டே காலுக்குப் பஸ் ஏறி வருவேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் வேலையை நீட்டித்து ஓர் உத்தரவு வரும். வராமலும் போகலாம் என்பதைக் கண்காணிப்பாளர் வாரம் ஒருமுறையாவது நினைவூட்டுவார்.

அந்த வருடம் ஏப்ரலில் எம்.ஃபில். வணிகவியல் ஆட்களுக்கு வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். எல்லாரும் அதை வைவா என்றுதான் சொல்வோம். ஆய்வேட்டை முன்பே கொடுத்திருப்பார்கள். இரண்டு தேர்வாளர்கள் வந்து உட்கார்ந்து ஒவ்வொருவரையும் இருபது நிமிடம் கேள்வி கேட்பார்கள். எங்கள் மாவட்டத்துக்கு நாற்பது சொச்சம் பேர். புதன், வியாழன், வெள்ளி என மூன்று நாள். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று பதிவு எண் வரிசையில் நான் அடித்துக் கொடுக்க, கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட, எல்லாருக்கும் கடிதம் போனது.

கடிதம் போன மறுநாளிலிருந்தே மாற்றச் சொல்லி ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். மச்சினிக்குக் கல்யாணம், பிள்ளைக்குக் காது குத்து, மாமனாருக்கு நெஞ்சுவலி. கையில் ஒரு மருத்துவச் சான்றிதழ் இருக்கும். மஞ்சள் காமாலை என்று எழுதி வாங்கி வந்தவர் சாயங்காலமே புரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். "ஒருத்தருக்கு நகத்துனா நாப்பது பேரும் நகத்தச் சொல்லுவாக. யாருக்கும் கெடையாதுன்னு சொல்லிப்புடு," என்பார் கண்காணிப்பாளர். சொல்வது என் வேலை. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. என்னைவிடப் படித்தவர்கள், என்னைவிட நல்ல வேலையில் இருப்பவர்கள், என் மேஜைக்கு முன்னால் நின்று கெஞ்சினார்கள்.

வைவாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த டீச்சர் வந்தார். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். உத்தமபாளையத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை. முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கலாம். ஏப்ரல் வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கழுத்தைச் சுற்றிச் சேலை முந்தானை. முகம் உப்பியிருந்தது. படியேறி வந்ததில் மூச்சு வாங்க, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பேசியபோது குரல் கட்டைக் குரலாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

அவருக்கு வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வைவா. அதே வெள்ளிக்கிழமை காலையில் கேரளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். காலையில் மருந்து கொடுத்து, மூன்று நாள் கழித்து உடம்பு முழுக்க ஸ்கேன் எடுப்பார்கள். வியாழக்கிழமை காலையிலேயே குமுளி வழியாகக் கிளம்பியாக வேண்டும். புதன்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தால் போதும், எந்த நேரமானாலும் சரி என்றார். கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் இணைத்திருந்தார்.

நான் கடிதத்தைப் படிக்காமலே, மாற்ற முடியாது என்றேன். அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அதே வேகத்தில், அதே சொற்களில். எனக்கு எரிச்சல் வந்தது. பியூன் எல்லாருக்கும் வாங்கி வந்த டீயில் ஒன்றை அவரிடம் நீட்டினான், வேண்டாமென்று தலையாட்டினார். எங்கள் டீ அவருக்கு ஆகவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பரிசோதனைக்காகப் பால், முட்டை, மீன், அயோடின் உப்பு எல்லாம் விலக்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் அவர் உள்ளறையைப் பார்த்து, "மேல யாரு இருக்காக? அவுககிட்டப் பேசிக்கிறட்டுமா?" என்றார்.

சாதாரணக் கேள்வி. யாரும் கேட்பதுதான். ஆனால் அன்று காலையில்தான் ஒரு தபாலைத் தவறான கோப்பில் வைத்ததற்காக, ஐந்தாறு பேர் முன்னால், "தற்காலிகமெல்லாம் இப்படித்தான்" என்று கண்காணிப்பாளர் என்னைச் சொல்லியிருந்தார். உள்ளே அவர் இருந்தார். அவரிடம் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. சார் இல்லை என்றேன். இந்தக் கடிதம் செல்லாது, ஆய்வு வழிகாட்டியின் பரிந்துரையோடு வர வேண்டும், ஆஸ்பத்திரிச் சீட்டு போதாது, அரசு மருத்துவரின் சான்றிதழ் வேண்டும் என்று அடுக்கினேன். இரண்டும் விதியில் இருப்பவைதான். ஆனால் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு மற்றதைத் தபாலில் அனுப்பச் சொல்லும் வழக்கமும் இருந்தது. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதை மடிக்க அவருக்கு வெகு நேரம் ஆனது.

மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். கல்லூரியில் வழிகாட்டியைப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தார். உத்தமபாளையம் அரசு ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கியிருந்தார். அன்று பெஞ்சில் ஏழெட்டுப் பேர், ஆய்வேட்டில் திருத்தம் ஒட்ட வந்தவர்கள். நான் சான்றிதழைப் பார்த்தேன். ஸ்கேன் அவசியம் என்று எழுதியிருந்தது; தேதி இல்லை. என்ன நோய் என்று மருத்துவர் எழுதியது எனக்குப் புரியவில்லை.

"என்ன வியாதின்னு சொல்லுங்க. தெளிவா இல்ல," என்றேன். தேவைக்கு அதிகமான சத்தத்தில் கேட்டேன்.

அவர் மேஜையின் மேல் குனிந்து ஏதோ சொன்னார். அந்தக் குரலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து, முந்தானையைக் கழுத்திலிருந்து இறக்கினார். கழுத்தின் அடியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை சிவந்த ஒரு கோடு.

"தைராய்டுல கேன்சர். தையலப் பிரிச்சு எட்டு மாசமாச்சு," என்றார்.

 பெஞ்சில் அவர் முன்பு உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதும் அவர் கோபப்படவில்லை. எனக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தார் போல. சுரப்பியை எடுத்துவிட்டதால் தினமும் மாத்திரை போட வேண்டும். இந்தப் பரிசோதனைக்காக அதை நான்கு வாரத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நிறுத்தினால்தான் மீதி நோய் இருந்தால் தெரியும். நிறுத்தினதிலிருந்து குளிருகிறது, நடக்க முடியவில்லை, படித்தது நிற்பதில்லை. கொடுக்கப்போகும் மருந்து கதிர்வீச்சு மருந்து; அவர் பெயருக்கு, அந்த நாளுக்கென்று தருவிப்பது. அன்றைக்குப் போகாவிட்டால் வீணாகிவிடும். இன்னொரு நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆகும். அதற்குள் மாத்திரையைப் போட்டு, மறுபடி நிறுத்தி, மறுபடி இதே பாடு. "ஒரு தடவ இருந்துட்டேன் தங்கச்சி. இன்னொரு தடவ இருக்க முடியாது," என்றார்.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. பட்டியல் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. புதன்கிழமைக்காரர்களில் ஒருவருக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமைக்கு வரச் சொன்னால் முடிந்தது. அப்படி முன்பு செய்திருக்கிறோம். கண்காணிப்பாளரின் சொந்தக்காரர் ஒருவருக்கு. ஆனால் அன்று முடியாது என்று சொல்லிவிட்டு, இன்று இத்தனை பேர் முன்னால் இறங்கிப் போக எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தை உள்ளே கொண்டுபோனேன். கண்காணிப்பாளர் மேலாகப் பார்த்துவிட்டு, "நமக்கெதுக்கு? தேர்வாணையருக்கு அனுப்பு. அங்கன பாத்துக்குவாக," என்றார்.

டீச்சரிடம் வந்து, பல்கலைக்கழகத் தேர்வாணையருக்கு அனுப்புகிறோம், உத்தரவு வந்தால் மாற்றுவோம் என்றேன். பேக்ஸில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். பேக்ஸ் இயந்திரம் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். தனிநபர் கோரிக்கையை அதில் அனுப்புவதில்லை என்றேன். அப்படி ஒரு விதி இல்லை. சாதாரணத் தபாலில் போட்டேன். அதையும் அன்று போடவில்லை. மறுநாள் கட்டோடு சேர்த்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் பதினொரு மணி இடைவேளையில் பள்ளியிலிருந்து போன் செய்வார். "வந்துருச்சா?" வரவில்லை என்பேன். "சரிங்க மேடம்" என்று வைத்துவிடுவார். தங்கச்சி என்று பிறகு அவர் சொல்லவே இல்லை.

புதன்கிழமை வைவா தொடங்கியது. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர், பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர். உள்ளறையில் மேஜை போட்டு, ஆய்வேடுகளை நாள் வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு அந்த டீச்சர் கணவரோடு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கணவர் திராட்சைத் தோட்டக்காரர். கையில் பிளாஸ்க்கும் ஒரு துணிப்பையும். உத்தரவு இன்றைக்குள் வந்தாலும் வரலாம், வந்தால் உடனே உள்ளே போய்விடலாம் என்று வந்திருப்பதாகக் கணவர் சொன்னார். அப்படி வந்து உட்காரக் கூடாது என்று சொல்ல விதி எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மதியம் இரண்டரைக்கு வர வேண்டிய ஒரு போடிக்காரர் வரவில்லை. நடைக்குப் போய் மூன்று முறை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று முறையும் டீச்சர் தலை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே தேர்வாளர்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டு, அங்கே ஓடிய மின்விசிறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்ப் பேராசிரியர் கதவு இடுக்கு வழியாகப் பார்த்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்காரர், இன்றைக்கு மாற்றக் கேட்டிருக்கிறார் என்றேன்.

"சும்மாதான இருக்கோம். அவங்களக் கூப்பிடுங்களேன்," என்றார் அவர்.

நான் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று, பணிவாக, கோரிக்கை தேர்வாணையரிடம் நிலுவையில் இருக்கிறது, உத்தரவு வராமல் எடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார். பல்கலைக்கழகத்துக்காரர் அதுவும் சரிதான் என்றார். வெளியூர்க்காரர் தோளைக் குலுக்கிவிட்டு செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். டீச்சரின் ஆய்வேடு எனக்கு எட்டும் தூரத்தில், வெள்ளிக்கிழமை அடுக்கில் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விற்பனை பற்றியது. நீல நிற அட்டை. அந்த இருபது நிமிடமும் காலியாகவே போனது. யார் என்று கேட்டபோதே நான் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்: சார், அவருக்கு நாளைக்குப் போயாக வேண்டும், கேன்சர். தேர்வாளர்கள் இருவருக்கும் அது தெரியாது. நான் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு அறையைப் பூட்டும்போது கணவர் என்னிடம் வந்தார். "அந்த ரெண்டரை மணி ஆளு வரலையேம்மா. அப்ப இவள எடுத்துருக்கலாம்ல," என்றார். அதற்கு உத்தரவு வேண்டும் என்றேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பி, "வா, நாம ஆஸ்பத்திரிக்கே போவம். பரீட்ச கெடக்கட்டும்," என்றார்.

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யோசித்துப் பேச அவருக்கு நேரம் பிடித்தது. ஜூனில் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்கு இடம் காலியாகிறது, எம்.ஃபில். முடித்திருந்தால் அவருக்கு என்று நிர்வாகம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது. இதை விட்டால் அடுத்த வைவா அக்டோபரில்தான். வராவிட்டால் வரவில்லை என்றுதானே குறிப்பீர்கள் என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப வெள்ளிக்கெழம வாறேன்," என்றார்.

வந்தார். பதினொன்றரைக்குச் சரியாக உள்ளே போனார். கேட்ட கேள்விகளுக்கு விடை தெரிந்துதான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் தேடி எடுத்துச் சொல்வதற்குள் தேர்வாளர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் என்ன எழுதினார் என்பதே ஒரு கட்டத்தில் அவருக்கு நினைவில்லை. சொந்தமாக எழுதினீர்களா என்று பல்கலைக்கழகத்துக்காரர் கேட்டார். நான் வருகைப் பதிவேட்டோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். "மாத்திரய நிறுத்திருக்காக சார்" என்று டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். யார் நிறுத்தினார்கள், எதற்கு நிறுத்தினார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நேரம் முடிந்தது. தேர்ச்சி கொடுத்தார்கள், கொடுக்கக்கூடிய மதிப்பெண்ணில் ஆகக் குறைந்தது.

திங்கட்கிழமைத் தபாலில் தேர்வாணையர் அலுவலகத்தின் பதில் வந்தது. நான்கு வரி. ஒரே சுற்றுக்குள், குறித்த நாட்களுக்கு இடையில் நேரத்தை மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் மையத்துக்கே உண்டு. இதுபோன்ற கோரிக்கைகளை இவ்வலுவலகத்துக்கு அனுப்பிக் காலதாமதம் செய்ய வேண்டாம். கண்காணிப்பாளர் படித்தார். "கோப்புல போடு" என்றார். போட்டேன். நகலை டீச்சருக்கு அனுப்ப வேண்டும் என்று அடியில் எழுதியிருந்தது. அனுப்பவில்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் பட்டச் சான்றிதழ் வாங்க அவர் வந்தபோது முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தில் வீக்கம் வடிந்து, ஒல்லியாக, விரைவாகப் படியேறி வந்தார். குரல் தெளிவாக இருந்தது. அது அவருடைய உண்மையான குரல் என்று அன்றுதான் கேட்டேன். பதிவேட்டைத் தேடும்போது, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் மறைக்காமல் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஜூன் கடைசியில்தான் நாள் கிடைத்திருக்கிறது. மாத்திரையைத் தொடங்கி, மே கடைசியில் மறுபடி நிறுத்தியிருக்கிறார். இரண்டாம் தடவை முன்னைவிட மோசம். பள்ளி திறந்த மூன்றாம் வாரம், புதிய பிளஸ் டூ வகுப்பில் பேரேட்டுக் கணக்குப் போட்டுக் காட்டும்போது பாதியில் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றிருக்கிறார். பிள்ளைகள் போய்த் தலைமையாசிரியரை அழைத்து வந்திருக்கிறார்கள். வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்கேன் முடிந்து மாத்திரை போட்டு ஜூலை கடைசியில் சரியாகிவிட்டார். வகுப்பு திரும்ப வரவில்லை. அவரை ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஸ்கேன்ல என்ன சொன்னாக?" என்றேன்.

"ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. சுத்தமா இருக்குன்னாக." அவர் சிரிக்கவில்லை. "ஏப்ரல்ல எடுத்துருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பாக."

அறையில் வேறு யாருமில்லை. கண்காணிப்பாளர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். பல்கலைக்கழகம் அனுப்பிய பதிலைப் பற்றி அவரிடம் சொன்னேன். அந்தப் புதன்கிழமையே மாற்றிக் கொடுத்திருக்கலாம், எங்களுக்கே அதிகாரம் இருந்தது, கடிதத்தை நான்தான் தாமதமாக அனுப்பினேன் என்றேன். சொல்லிவிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றேன்.

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

"எனக்குத் தெரியாமயே இருந்துருக்கும். இப்ப இதையும் எந்தலைல ஏத்திவிட்டுட்டீக," என்றார். "எங்கன கையெழுத்துப் போடணும்?"

இடத்தைக் காட்டினேன். போட்டார். சான்றிதழை உறையிலிருந்து எடுத்து, பெயர், தந்தை பெயர், பாடம், தேதி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, மறுபடி உறையில் வைத்தார். படியிறங்கும் சத்தம் கேட்டது. அன்று மாலைக்குள் இன்னும் பதினோரு பேர் சான்றிதழ் வாங்க வந்தார்கள். எல்லாருக்கும் கொடுத்தேன்.

அந்த அலுவலகத்தில் அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தேன். என்னை நிரந்தரம் ஆக்கினார்கள்.